ஐந்தாம் தேதி வரைக்கும்தான்

2024 நவம்பர் 6, புதன்கிழமை காலை. எம்ஆர்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் விற்பனை மேலாளரிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் செய்துகொடுத்த டாஷ்போர்டின் ஸ்கிரீன்ஷாட் அது. கீழே ஒரே வரி: "தம்பி, நவம்பர் என்னாச்சு? இப்படி விழுந்துடுச்சே!"

சிங்கப்பூரில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு மளிகை நிறுவனத்தில் விற்பனைத் தரவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் காலை 6.30-க்கு ரிஃப்ரெஷ் ஓடும். முந்தைய நாள் வரையான விற்பனை உள்ளே வரும். படத்தில் அக்டோபர் பட்டை 12 லட்சம் வெள்ளிக்கு உயர்ந்து நின்றது. பக்கத்தில் நவம்பர், ஒன்றரை லட்சம். மேலே பெரிய எழுத்தில், சிவப்பில், -87.5%.

அழைத்துச் சொன்னேன். "அண்ணே, அது 5-ஆம் தேதி வரைக்கும்தான். மாசம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? ஆனா தீபாவளி முடிஞ்சதும் விழும்தானே. அதான் பருப்பு ஆர்டரைப் பாதியாக்கச் சொல்லிட்டேன்."

அவர் அனுபவசாலி. மாதம் முடியவில்லை என்பது அவருக்குத் தெரியும். தீபாவளிக்குப் பின் விற்பனை இறங்கும் என்பதும் தெரியும். படம் காட்டிய பள்ளத்தில் எவ்வளவு நாள் குறைவால் வந்தது, எவ்வளவு உண்மையான இறக்கம் என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்தப் படத்தில் வழியில்லை. கண் எட்டில் ஒரு பங்கு உயரத்தைப் பார்க்கிறது. மனம் அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. தீபாவளி என்ற நல்ல காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அலுவலகம் போய்க் கணக்குப் போட்டேன். அக்டோபரின் 12 லட்சத்தை 31 நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 38,700 வெள்ளி. நவம்பரின் முதல் 5 நாளுக்கு 30,000. இறக்கம் உண்மைதான், இருபது சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் செப்டம்பரில் நாளுக்கு 31,000. அதாவது பண்டிகைக் கூட்டம் கலைந்து கடைகள் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருந்தன. பருப்பைப் பாதியாக்கும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அன்று மதியமே ஆர்டரைப் பழையபடி மாற்றிவிட்டார்.

முதலில் எனக்குத் தோன்றிய மாற்று, போன வருடத்தின் இதே 5 நாளோடு ஒப்பிடுவது. எங்கும் சொல்லித்தரும் வழி அது. போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகத் தெரிந்தது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. அந்த வருடம் நவம்பர் 1 முதல் 5 வரை தேக்காவில் நடக்கக்கூட இடம் இருந்திருக்காது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அதே ஐந்து தேதிகள், ஒன்று பண்டிகைக்கு முன், மற்றது பின். தேதியைப் பொருத்திவிட்டால் ஒப்பீடு சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன். முதல் 5 நாளை 30-க்கு நீட்டி மாத முடிவைக் கணித்துக் காட்டும் யோசனையையும் ஒதுக்கினேன். அந்த 5 நாளில் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இருந்தன. எங்கள் கடைகளில் வார இறுதியின் கனம் வேறு. ஊகத்தைப் பட்டையாக வரைந்தால் யாரும் அதை ஊகமாகப் படிப்பதில்லை.

சரி, நடப்பு மாதத்தை மறைத்துவிடலாமா? ஒரு நாள் மறைத்தேன். மறுநாளே மேலாளர் கேட்டுவிட்டார். தினமும் ரிஃப்ரெஷ் செய்வதே அதைப் பார்க்கத்தானே. அதனால் பட்டையை இருக்கவிட்டு, நிறத்தை வெளிறச் செய்து, கோடு போட்டு நிரப்பி, அடியில் "நவம்பர் (5 வரை)" என்று எழுதினேன். இந்த அடைப்புக்குறித் தேதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிறம் 'முடியவில்லை' என்று மட்டும் சொல்லும். எங்கே நிற்கிறது என்பதைத் தேதி சொல்லும். கூடவே அந்தச் சிவப்புச் சதவீதத்தை எடுத்துவிட்டு, முடிந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் மாற்றத்தைக் காட்டும்படி செய்தேன். பட்டையை வெளிறச் செய்துவிட்டு மேலே -87.5% என்று விட்டுவைத்தால் கண் அங்கேதான் போகும்.

அடுத்த கேள்வி, மாதம் முடிந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? நான் `TODAY()` வைத்து எழுதியிருந்தேன். டிசம்பர் 1 காலை திறந்தால் நவம்பர் இன்னும் கோடு போட்டபடி நின்றது. எங்கள் டாஷ்போர்டு ஓடும் பவர் பிஐ சேவையில் `TODAY()` உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால். இங்கே காலை 6.30 என்றால் அங்கே முந்தைய இரவு 10.30, அதாவது நவம்பர் 30. `TODAY()` தேதியை மட்டும்தான் தரும் என்பதால், அதற்குப் பதில் `UTCNOW()` எடுத்து, எட்டு மணி நேரத்தைக் கூட்டிச் சரிசெய்தேன்.

அது சின்னப் பிழை. ஜனவரியில் வந்தது அப்படியல்ல. புத்தாண்டுக்கு அடுத்த நாள் டிசம்பர் பட்டை அழுத்தமான நிறத்தில், முடிந்த மாதமாக நின்றது. ஆனால் ஒரு கிளையின் கல்லாவிலிருந்து 30, 31 இரண்டு நாளும் வரவே இல்லை. நாள்காட்டிப்படி மாதம் முடிந்துவிட்டது, தரவுப்படி முடியவில்லை. இது நவம்பர் பள்ளத்தைவிட ஆபத்தானது. பெரிய பள்ளம் கேள்வி எழுப்பும். ஒரு கிளையின் இரண்டு நாள் குறைவு யார் கண்ணிலும் படாது.

அதற்கப்புறம் முடிவைத் தரவிடமே விட்டேன். கடைசி விற்பனைத் தேதியை எடுப்பது முதலில் தோன்றும். ஆனால் கடை விடுமுறை என்றால் அன்று விற்பனையே இருக்காது, தரவு வராதது போலவே தெரியும். நல்லவேளையாக எங்கள் கல்லாக்கள் நாள் கணக்கை முடிக்கும்போது, விற்பனை இல்லாவிட்டாலும், ஒரு பதிவு அனுப்பும். ஒவ்வொரு கிளையின் கடைசி முடிப்புத் தேதியை எடுத்து, அவற்றுள் மிகப் பழையதை வைத்துக்கொண்டேன்:

```sql
SELECT MIN(last_day) AS data_until
FROM (
  SELECT shop_id, MAX(closed_date) AS last_day
  FROM day_close
  GROUP BY shop_id
) t;
```

மாதத்தின் கடைசி நாள் `data_until`-ஐத் தாண்டியிருந்தால் பட்டை வெளிறியே இருக்கும். அடைப்புக்குறிக்குள் வருவதும் இதே தேதிதான். அதற்குப் பின் வந்த விற்பனையைப் பட்டையில் சேர்ப்பதில்லை. ரிஃப்ரெஷ் பாதியில் நின்றுபோனாலும் லேபிள் பொய் சொல்லாது. நடுவில் ஒரு நாள் மட்டும் விடுபட்டால் இது பிடிக்காது. அதற்குத் தனியாக நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். மாதம் முடிந்து சில நாள் கழித்து வரும் திருப்பிக் கொடுத்த சரக்கின் கணக்கை இதில் சேர்க்கவில்லை. அந்தத் தொகை சிறியது; அதற்காகப் பட்டையை வெளிறலாகவே வைத்திருந்தால், கோடு போட்ட பட்டைக்கு இருக்கும் மதிப்பு போய்விடும்.

பிப்ரவரியில் மேலாளர் மறுபடி அழைத்தார்.

"தம்பி, லேபிள் 16-லேயே நிக்குது. இன்னைக்கு 20 ஆச்சு."

பார்த்தேன். சிராங்கூன் சாலைக் கிளையைப் புதுப்பிப்பதற்காக 17-ஆம் தேதி மூடியிருந்தார்கள். கல்லாவையே கழற்றிவிட்டதால் பதிவு எதுவும் வரவில்லை. ஒரு கிளைக்காக மற்ற எல்லாக் கிளைகளின் தேதியும் 16-இல் நின்றுவிட்டது. கிளைப் பட்டியலில் 'மூடிய தேதி', 'திறக்கும் தேதி' என்று இரண்டு பத்திகள் சேர்த்து, மூடியிருக்கும் கிளைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டேன். ரிஃப்ரெஷைக் கையால் ஒருமுறை ஓட்டியதும் "பிப்ரவரி (19 வரை)" என்று மாறியது. அவருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.