அண்ணி பங்கையும் கணக்கில் எழுதினோம்

குடியாத்தத்தில் அப்பா அம்மாவை அண்ணன் குடும்பம்தான் பார்த்துக்கொள்கிறது. யார் என்ன தருவது என்று போன வாரம் அண்ணன், ஆரணி அக்கா, நான் மூவரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

மாத்திரை, மளிகை, வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 18,000. ராத்திரி எழுந்து அம்மாவைக் கைத்தாங்கலாகப் பாத்ரூம் அழைத்துப்போகிற அண்ணியின் உழைப்புக்கு 6,000 போடச் சொன்னது ஆரணி அக்கா. ஆக 24,000, தலைக்கு 8,000. அந்த 6,000 கழிந்து, அண்ணன் கையிலிருந்து 2,000 போட்டால் போதும். "காசுக்கா பார்க்கிறோம்?" என்று அவர் முறைத்தார். அண்ணி மறுக்கவில்லை!

ஆஸ்பத்திரிச் செலவு தனி. பில்லைக் குரூப்பில் போட்டு மூன்றாகப் பிரிப்போம்.

இந்தக் காகிதம் எங்களுக்குள் மட்டும்தான். போதவில்லை என்றால் 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை அப்பா அம்மாவுக்கு அப்படியே இருக்கிறது.