‘மழைப் பெய்த’ நவம்பர்

நவம்பர் 3

மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட வேலையை இன்று தொடங்கிவிட்டேன். ஹன்ஸ்பெல்லுக்குத் தமிழ் விதிக்கோப்பு எழுதுவது. லிப்ரே ஆபிஸிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உள்ளே இருந்துகொண்டு சிவப்புக் கோடு போடுகிறதே, அந்த நிரல்தான் ஹன்ஸ்பெல். ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது. அதுவும் நம் மொழியைப் போலவே சொல்லின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும் மொழி. அதனால் வேர்ச்சொற்களை ஒரு கோப்பில் வைத்துவிட்டு, எந்தச் சொல்லோடு எது எப்படி ஒட்டும் என்பதை இன்னொரு கோப்பில் எழுதினால் போதும்.

இரண்டாம் வேற்றுமையில் தொடங்கினேன்.

```
SFX A Y 3
SFX A ம் த்தை ம்
SFX A டு ட்டை [^்]டு
SFX A று ற்றை [^்]று
```

எதை வெட்டுவது, எதை ஒட்டுவது, சொல் எப்படி முடிந்தால் இதைச் செய்வது என்று ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். `[^்]` என்றால் முன்னால் புள்ளி இருக்கக் கூடாது. அதனால் ‘வீடு’ என்பது ‘வீட்டை’ ஆகும். ‘வண்டு’ இந்த விதியில் மாட்டாமல் ‘வண்டை’ ஆக வேறு வரிக்குப் போய்விடும். மரத்தை, வீட்டை, ஆற்றை மூன்றும் சரியாக வந்தன. அந்தச் சந்தோஷத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ‘ரூமை காலி செய்தான்’ என்று அடித்தேன். ‘ரூமை’யின் கீழே சிவப்புக் கோடு. பரிந்துரை: ‘ரூத்தை’. ‘டீமை’ என்று அடித்தால் ‘டீத்தை’.

நவம்பர் 5

‘ரூத்தை’க்கு மருந்து கிடைத்தது. ‘அத்து’ என்ற சாரியை அகரத்தை அடுத்து வரும் ‘ம்’முக்குத்தான்: மரம், படம், சிஸ்டம். ரூம், டீம், ஃபிலிம் எல்லாம் வேறு உயிரை அடுத்த ‘ம்’. யுனிகோடில் அகரத்துக்குத் தனிக்குறி கிடையாது என்பது இங்கே கைகொடுக்கிறது. ‘மரம்’ என்பதில் ‘ம்’முக்கு முன்னால் வெறும் ‘ர’ நிற்கிறது. ‘ரூம்’ என்பதில் இடையில் ஊகாரக் குறி நிற்கிறது. ஆகவே, ‘ம்’முக்கு முன்னால் உயிர்க்குறி ஒட்டாத மெய் இருந்தால் மட்டும் ‘த்தை’.

அதை `[க-ஹ]ம்` என்று எழுதிவிட்டு, மரம், படம், சிஸ்டம் ஏன் எதுவுமே பொருந்தவில்லை என்று ஒரு மணி நேரம் விழித்தேன். ஹன்ஸ்பெல் நிபந்தனையில் அந்தக் குறுக்குக்கோடு ‘முதல்… வரை’ என்று பொருள்படாது. அது வெறும் கோடுதான். பதினெட்டு மெய்யையும் கிரந்தத்தையும் வரிசையாக அடித்த பிறகு சரியானது.

ஒட்டுகிற ‘கம்’ மட்டும் இன்னும் ‘கத்தை’ ஆகிறது. ‘கத்தை’ அகராதியிலேயே இருக்கிற சொல் என்பதால் பார்க்கிறவருக்குத் தப்பு என்றே தெரியாது. விலக்குப் பட்டியலில் முதல் ஆள் அதுதான்.

நவம்பர் 9

காலையிலிருந்து விடாத மழை. எம்.சி. ரோட்டுப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணனிடம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன். ஒற்று பார்க்கும் பகுதியை அங்கே சோதிக்கலாம் என்று எண்ணம். ஹன்ஸ்பெல் ஒவ்வொரு சொல்லாகத்தான் பார்க்கும், பக்கத்துச் சொல் அதன் கண்ணுக்குத் தெரியாது. ‘வீட்டைக்’ என்பது சரியா என்பதோ அடுத்து வருவது ‘கட்டினான்’ ஆ ‘பார்த்தான்’ ஆ என்பதைப் பொறுத்தது. ஆகவே இதற்கு வெளியே தனியாக ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். விதி ஒன்றே ஒன்று: சொல் ஐகாரத்தில் முடிந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால், நடுவில் ஒற்று போடச் சொல்.

அண்ணன் அப்போது ஒரு துணிக்கடைக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார்:

மழை பெய்து வருவதால் நாளை கடை திறக்கப்படாது. வாங்கிய புடவையை திங்களன்று மாற்றிக்கொள்ளலாம்.

நாலு கோடு விழுந்தது. மழைப் பெய்து. நாளைக் கடை. கடைத் திறக்கப்படாது. புடவையைத் திங்களன்று. நாலாவது ஒன்றுதான் சரி.

“இன்னாபா இது, நான் ஒண்ணு தப்பு பண்ணா உன் மிஷின் மூணு பண்ணுது” என்றார் அண்ணன். மறுபேச்சு பேச முடியவில்லை. கோடு போட்டதால் பயந்துபோய் அவர் ‘மழைப்’ என்று மாற்றியே விட்டிருந்தார் என்பதுதான் எனக்கு உறுத்தியது. நிரல் வராமலே இருந்திருந்தால் நோட்டீஸில் ஒரு பிழைதான் இருந்திருக்கும்.

நவம்பர் 10

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலடிப்பேட்டையில் இருக்கிறார். நேற்றைய நோட்டீஸைக் கொண்டுபோய் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார், சிரித்தார்.

“தம்பி, நீங்க சொல்லோட கடைசி எழுத்தைப் பார்க்கிறீங்க. நான் அந்த ஐ எங்கேயிருந்து வந்ததுன்னு பார்க்கிறேன்.”

மேற்கொண்டு அவர் விளக்கியது என் குறிப்பில் இப்படி இருக்கிறது. ‘புடவையை’யில் உள்ள ஐ, வேற்றுமை உருபு. அந்த உருபு வெளிப்படையாக இருந்தால் வல்லினம் மிகும். ‘மழை’யில் உள்ள ஐ, அந்தச் சொல்லோடு பிறந்தது. மழை பெய்தது என்பதில் மழை எழுவாய், அங்கே மிகாது. ‘கடை திறந்தான்’ என்பதில் கடை செயப்படுபொருள்தான், ஆனால் உருபு மறைந்திருக்கிறது, அங்கேயும் மிகாது. அதே கடை, தெருவோடு சேர்ந்தால் கடைத்தெரு. அதே மழை, காலத்தோடு சேர்ந்தால் மழைக்காலம்.

“அப்போ கடைசி எழுத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதா ஐயா?”

“ஒண்ணும் முடியாது.”

வீட்டுக்கு வந்து நிரலைப் பிரித்துப்போட்டேன். இப்போது ஐகாரத்தில் முடியும் எந்தச் சொல்லையும் முதலில் விதிக்கோப்பிடம் கொடுத்து, இது எதிலிருந்து வந்திருக்கலாம் என்று கேட்கிறது. ‘புடவையை’ என்றால் புடவை + ஐ, வேறு வழியில்லை. ‘மரத்தை’, ‘வீட்டை’ அதே போல. இவற்றுக்கு மட்டும் சிவப்புக் கோடு. ‘மழை’, ‘கடை’ அகராதியில் அப்படியே இருக்கின்றன, ‘மழ்’ என்றோ ‘கட்’ என்றோ பெயர்ச்சொல் கிடையாது. இவை வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ‘மழை காலம்’ என்று யாராவது எழுதினால் அது தப்பிப் போகும். போகட்டும்.

மிச்சம் இருப்பது இரண்டு பக்கமும் போகிற சொற்கள். நாளை என்பது மறுநாளும் ஆகும், நாள் + ஐ என்றும் ஆகும். பாலை நிலம் ஆகும், பால் + ஐ ஆகும். வேலை விஷயத்தில் ஒற்றே பொருளை மாற்றிவிடும்: முதலாளி வேலை கொடுத்தார், முருகனுக்குப் பார்வதி வேலைக் கொடுத்தாள். ஐயாவின் வீட்டு வாசலிலேயே ‘காலை கழுவிவிட்டு உள்ளே வரவும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது, எழுதியது பேரன். “விடியற்காலையையா கழுவுறது?” என்று அவரே கேட்டுச் சிரித்தார்.

இந்தச் சொற்களுக்குச் சிவப்பு வேண்டாம், சாம்பல் நிறத்தில் புள்ளிக்கோடு. சொடுக்கினால் ‘நேரம் என்றால் காலை, உறுப்பு என்றால் காலைக்’ என்று இரண்டு வரி. எழுதுகிறவருக்குத் தான் எதைச் சொல்கிறோம் என்று தெரியும், எனக்குத் தெரியாது.

நேற்றைய நோட்டீஸை மறுபடி ஓட்டினேன். ‘புடவையை’யில் சிவப்பு, ‘நாளை’யில் சாம்பல். மழையும் கடையும் நிம்மதியாக இருந்தன.

நவம்பர் 14

இன்று எளிதான ஒன்று. ‘அதற்க்கு’, ‘முயற்ச்சி’, ‘கற்ப்பனை’. தமிழில் ‘ற்’ அடுத்து இன்னொரு ஒற்றைத் தாங்காது. ‘பார்க்க’, ‘வாழ்க்கை’ என்று ர், ழ் தாங்கும், ற் தாங்காது. `ற்[கசதப]்` என்று தேடினால் போதும், அகராதியே வேண்டாம். ‘ட்’டும் அப்படித்தானே என்று அதையும் சேர்த்தேன், ‘ஹார்ட்ப்ரேக்’ என்று சினிமாக் கட்டுரை ஒன்றில் வந்து மாட்டியது. எடுத்துவிட்டேன். ‘ற்’றை வைத்து ஆங்கிலச் சொல்லை யாரும் இப்படி எழுதுவதில்லை என்பதால் அந்த விதி தப்பிப் பிழைத்தது.

‘அதற்க்கு’ என்பதற்குச் சரியான பரிந்துரை முதலில் வர, இப்படி:

```
REP 1
REP ற்க்கு ற்கு
```

நவம்பர் 17

ஒற்று விடுவதைப் போலவே, ஒற்று மிஞ்சுவதும் உண்டு. ‘வீட்டைக் கட்டினான்’ என்று எழுதியவர் பிறகு வினையை மட்டும் மாற்றுவார். ‘வீட்டைக் பார்த்தான்’ என்று நிற்கும். கையால் எழுதிய காலத்தில் இந்தப் பிழை இவ்வளவு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பிடிப்பது சுலபம்: க், ச், த், ப் இவற்றில் முடியும் சொல்லில் கடைசி ஒற்றை உரித்துவிட்டு, மிச்சம் சொல்லாக இருக்கிறதா, அடுத்த சொல் அதே வரிசையில் தொடங்குகிறதா என்று பார்ப்பது.

மாலையில் அண்ணன் கடையிலிருந்து போன். யாரோ ஒருவர் வண்டி தொலைந்துபோனதற்குப் புகார் அடிக்க வந்திருக்கிறார். தலைப்பு, ‘பைக் திருட்டு’. நம் நிரல் ‘பைக்’கில் க்கை உரித்து, பை என்ற சொல்லைக் கண்டுபிடித்து, ‘பைத் திருட்டு’ என்று பரிந்துரைத்திருக்கிறது. “வண்டி போனதுமில்லாம பையும் போச்சான்னு கேக்குறாரு” என்றார்.

உரிப்பதற்கு முன்னால் முழுச்சொல்லும் அகராதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக், டிரக், ஷாப், கப் எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். ஒரே வரி மாற்றம்தான். வரிசை முன்பின் ஆனதால் வந்த வினை.

நவம்பர் 21

‘குழந்தையை பஸ்ஸில் ஏற்றினாள்.’ விதிப்படி ‘குழந்தையைப் பஸ்ஸில்’ என்று கோடு விழுகிறது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “வாய்விட்டுப் படிச்சுப் பாரு, எவனாவது அப்படிச் சொல்வானா?” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒற்று இரட்டித்தால் அடுத்த ப வல்லொலியாகத்தான் ஒலிக்கும், பஸ்ஸின் மெல்லிய ப அங்கே நிற்காது. ஐயாவிடம் கேட்டால் ‘பேருந்தில் ஏற்றினாள்’ என்று எழுதினால் தகராறே இல்லை என்கிறார். அது எனக்குக் கொடுத்த பதில், நிரலுக்கு அல்ல.

கடைசியில், முதலெழுத்து மெல்ல ஒலிக்கும் வேற்றுமொழிச் சொற்களைத் தனிப் பட்டியலாக்கி, அவற்றுக்கு முன்னால் ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு போடாமல் விட்டேன். பஸ், பேங்க், பீரோ, கேட், டிரம் என்று எழுதிவிட்டு, டிரம் எதற்கு, ட வரிசைக்கு ஒற்றே மிகாதே என்று அதை மட்டும் அழித்தேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்ததாக ‘கேஸ்’ என்றார்.

“சமையல் கேஸா, போலீஸ் கேஸா அண்ணே?”

சிலிண்டருக்கு மெல்லிய க, ஸ்டேஷனுக்கு வல்லிய க. எழுத்தில் இரண்டும் ஒன்று. அவர் கொஞ்ச நேரம் மானிட்டரைப் பார்த்துவிட்டு, “ரெண்டையுமே விட்டுடு” என்றார். பட்டியலில் சேர்த்துவிட்டேன்.