ஹெல்மெட்டுக்கு ஒன்பது வரி, பிக்அப்புக்கு ஒரு வரி

போன நவம்பரில் எங்கள் கிரிக்கெட் அகாடமிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அனுப்பிய மெயிலை இப்போதும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். நேர மாற்றம், கிட், பிக்அப் என்று மூன்று விஷயம். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

நேரத்தை மாற்றாமல் முடியாது. எங்கள் நெட்ஸில் விளக்கு கிடையாது. ஜூனில் ஆறரை வரை பந்து தெரியும், நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அதுவும் மழை மேகம் இருந்தால் ஐந்தரைக்கே சிவப்புப் பந்து மண்ணோடு கலந்துவிடும். பேட்ஸ்மேன் லேட்டாக ஆடுவதை வைத்தே கண்டுபிடிக்கலாம்: நேற்றுவரை முன்னால் வந்து தடுத்த பையன் இன்று பேடில் வாங்குவான். அதனால் 4.15 முதல் 6 வரை என்று எழுதினேன். முன்பு முடித்ததைவிட அரை மணி நேரம் முன்னதாக.

கிட் பற்றித்தான் ஒன்பது வரி. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாங்கள் போடுவது சின்னப் பந்து, 133 முதல் 144 கிராம். பெரியவர்களின் பந்து 156 முதல் 163. எடை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று பல அப்பாக்கள் நினைக்கிறார்கள். சுற்றளவும் குறைவு என்பதுதான் பிரச்சினை. அண்ணனுடைய ஹெல்மெட்டை மாட்டி அனுப்பினால், பெரிய பந்தைத் தடுக்கும் கிரில் இடைவெளியில் சின்னப் பந்து நுழைந்து முகத்துக்கே போய்விடும். வீட்டிலேயே பந்தைக் கிரிலில் வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே நழுவினால் அந்த ஹெல்மெட்டோடு அனுப்பாதீர்கள் என்று விளக்கமாக எழுதினேன். ஆறு பேர் ஹெல்மெட் மாற்றினார்கள். அதில் இப்போதும் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

பிக்அப்புக்கு எழுதியது இதுதான்: "6.15-க்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும். அதன் பிறகு அகாடமி பொறுப்பேற்காது."

கோபத்தில் எழுதிய வரி. அதற்கு முந்தைய வாரம் மட்டும் மூன்று நாள், ஏழரை வரை கேட்டில் நின்றேன். போன் பண்ணினால் சோழிங்கநல்லூர் சிக்னல் என்பார்கள், அரை மணி கழித்துப் பண்ணினாலும் அதே சிக்னல். எனக்கும் வீடு இருக்கிறது. ஆனால் நேரத்தை முன்னால் இழுத்தது நான். ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒருவர் ஆறேகாலுக்கு எப்படி வேளச்சேரி வருவார் என்று யோசித்தேனா? யோசித்தேன். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம், லேசான தூறல். 6.15-க்கு கேட்டில் நான்கு பேர் நின்றார்கள். ஸ்டம்பையும் நெட்டையும் ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன், பத்து நிமிடம் இருக்கும். மூன்று பேர்தான் இருந்தார்கள். இடது கை ஸ்பின் போடுகிற பையனைக் காணோம். பன்னிரண்டு வயது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைத் தகரத்துக்குக் கீழே கிட் பேக்கைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா வெளிய போன?"

"டைம் முடிஞ்சிடுச்சு சார். அதுக்கு மேல உங்க பொறுப்பு இல்லன்னு போட்டிருந்தீங்கல்ல, அம்மா படிச்சுக் காட்டினாங்க. அதான் வெளிய வந்துட்டேன்."

திமிர் இல்லை, குத்தலும் இல்லை. சொன்னதைச் செய்திருக்கிறேன் சார் என்கிற மாதிரி. பெரியவர்களை மிரட்ட எழுதிய வரியை அவன் தனக்கான விதியாக எடுத்துக்கொண்டான்.

அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். 6.40-க்கு அவன் அம்மா நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் வந்தார். "சாரி சார், மீட்டிங் இழுத்துடுச்சு, இனிமே லேட் ஆகாது சார்." நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். பையன் ரோடு தாண்டிப் போனதைச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே பதறியிருந்தார், இன்னும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பது மீதிப் பாதி. பையனும் சொல்லவில்லை போலிருக்கிறது, சொல்லியிருந்தால் போன் வந்திருக்கும். அல்லது சொல்லியும் அவர் போன் பண்ணவில்லையா? அது இன்னும் மோசம்.

அன்று இரவே வேறு மெயில் எழுதினேன். பிள்ளையை அழைக்க வரக்கூடிய இரண்டு பேரின் பெயரும் எண்ணும் முன்கூட்டியே தர வேண்டும், ஆட்டோக்காரர் வந்தாலும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஆள் வரும்வரை பிள்ளை கேட்டுக்கு உள்ளே, ஒரு கோச்சின் கண் முன்னால் இருக்கும். கடைசிப் பிள்ளை போன பிறகுதான் ஷெட்டைப் பூட்டுவோம். பொறுப்பேற்காது என்பதை எடுத்துவிட்டேன். 6.15 என்பதை எடுக்கவில்லை, எடுத்தால் எல்லோரும் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். எடுக்காமலும் அடுத்த திங்களன்று ஐந்து பேர் ஆறரைக்கு மேல்தான் வந்தார்கள், அது வேறு விஷயம்.

விதியை ஏன் மாற்றினேன் என்று அந்த மெயிலில் எழுதவில்லை. முதலில் பதில் போட்டது அந்த அம்மாதான்: "ரொம்ப தேங்க்ஸ் சார், நிம்மதியா இருக்கு."