எந்தக் கட்டம் தெரியவில்லை என்று எழுதுங்கள்

கோவையில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பெயிண்ட் கடை, ஹார்டுவேர் கடை, எலெக்ட்ரிகல் கடை என்று வாங்கும் பில்களை சைட்டிலிருந்தே போட்டோ எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றிவிடுவார். அவற்றில் படிக்க முடியாதவை எப்போதும் சில இருக்கும். "போட்டோ தெளிவாக இல்லை, திரும்ப அனுப்புங்கள்" என்று எழுதினால், அதே பில்லை அதே வெளிச்சத்தில் எடுத்து அனுப்புவார். அவரைப் பொறுத்தவரை அது தெளிவாகத்தான் இருக்கிறது. மொத்தத் தொகை தெரிகிறதே!

அதனால் இப்போதெல்லாம் எந்த பில்லில் எந்தக் கட்டம் தெரியவில்லை, எப்படி எடுத்தால் தெரியும் என்று பில்வாரியாக எழுதுகிறேன். ஒரு பெயிண்ட் கடை பில்லுக்கு எழுதியது இது:

"வணக்கம் அண்ணா. 5,900 ரூபாய் பெயிண்ட் பில்லில் மொத்தமும், சிஜிஎஸ்டி 450, எஸ்ஜிஎஸ்டி 450 என்பதும் தெரிகிறது. பில் நம்பரின் கடைசி இரண்டு இலக்கமும் தேதியும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டன. உங்கள் ஜிஎஸ்டி எண் வர வேண்டிய வரி மடிப்புக்குள் போயிருக்கிறது. அங்கே எண் அச்சாகி இருக்கிறதா, வெறுமனே இருக்கிறதா என்று பில்லைப் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், ஃபிளாஷ் இல்லாமல் பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி நேர் மேலிருந்து ஒரு போட்டோ; மேல் பாதியை மட்டும் கிட்டத்தில் இன்னொரு போட்டோ. எழுத்து மங்கலாக இருந்தால் பேனாவால் மேலே எழுத வேண்டாம்."

எல்லாக் கட்டத்தையும் நான் கேட்பதில்லை. வரிக்கு முந்தைய மதிப்பு அழிந்திருந்தால் கவலையில்லை. பில் முழுக்க 18 சதவீதப் பொருளாக இருந்தால், 5,900-ஐ 1.18-ஆல் வகுத்தால் 5,000 வந்துவிடும். வேறு வேறு வரி விகிதப் பொருள்கள் கலந்த பில்லுக்கு இந்தக் கணக்கு உதவாது. கடையின் ஜிஎஸ்டி எண்ணிலும் பெரும்பாலும் பிடி கிடைக்கும். மொத்தம் 15 எழுத்து. தமிழ்நாட்டுக் கடை என்றால் முதல் இரண்டும் 33. அடுத்த பத்தும் பான் எண். அதில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு இலக்கம், பிறகு ஒரு எழுத்து. ஆகவே நடுவில் 8-ஆ B-யா என்ற குழப்பம் வந்தால், அது எந்த இடம் என்று பார்த்தே சொல்லிவிடலாம். இடத்தை வைத்துச் சொல்ல முடியாதது முக்கியமாகக் கடைசி எழுத்துதான். அதையும் ஜிஎஸ்டி தளத்தில் தேடிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பில் நம்பருக்கும் தேதிக்கும் இப்படி எந்தக் கணக்கும் கிடையாது. கடைக்காரர் தன் விற்பனைக் கணக்கில் ஏற்றியதும் கடைகள் நமக்கு விற்றதாகக் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அந்த நம்பர் வரும். ஆனால் பில்லில் நம் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் வரும். எண் கொடுக்காமல் வாங்கிய பில்லை, பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகவே கடை கணக்கு காட்டும். வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு நமக்குக் கிடைக்காது. மடிப்புக்குள் போன அந்த ஒரு வரியை நான் அவ்வளவு வற்புறுத்திக் கேட்டது இதற்காகத்தான். மங்கிய எண்ணை நல்ல போட்டோ காட்டிக்கொடுக்கும். அச்சாகாத எண்ணுக்கு கடைக்குத்தான் போக வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு விற்பனைக் கணக்கின் கடைசி நாள் மறுமாதம் 11. 2பி பட்டியல் வருவது 14-ஆம் தேதி. அது வரட்டும் என்று காத்திருந்தால் கடைக்காரரைக் கேட்கும் நாள் போய்விடும். அதனால் என் குறிப்பு மாதத்தின் முதல் வாரத்திலேயே போய்விடும்.

தெர்மல் பில்லுக்கு மட்டும் அவரிடம் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். அந்தத் தாளில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகிறது. வண்டி டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் தாளே கறுத்துப்போகும். பிளாஸ்டிக் கவருக்குள் நாள்கணக்கில் வைத்தாலும் எழுத்து மங்கும். லேமினேட் செய்தால் பில் போன மாதிரிதான். மங்கிவிட்டால் எந்த கேமராவாலும் மீட்க முடியாது, கடையில் டூப்ளிகேட் பிரின்ட்தான் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்கிறேன். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், பொடி எழுத்துதான் முதலில் கலங்கும்.

அந்தப் பெயிண்ட் பில்லுக்கு மறுநாளே இரண்டு போட்டோ வந்தது. நம்பரும் தேதியும் பளிச்சென்று தெரிந்தன. மடிப்பைப் பிரித்த இடத்தில் அவருடைய நிறுவனப் பெயர் மட்டும் இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. கடை இன்னும் கணக்குத் தாக்கல் செய்திருக்கவில்லை. அதனால் பழைய பில்லை ரத்து செய்து, எண்ணோடு புது பில் போட்டுக் கொடுத்தார்கள். 900 ரூபாய் வரி வரவு 2பி-யில் வந்து சேர்ந்தது.