முதல் வாரத்தில் ஒரு ஆர்டர்

திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் ஆர்டர்களைக் கவனிக்கப் புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசருக்கு முதல் வாரம் பெரும்பாலும் ஆதார் நகல், பான் கார்டு, பி.எஃப். படிவம், பழைய ஃபைல்கள் என்றே போய்விடும். எங்கள் பிரிவில் அந்தத் தாள் வேலையைத் திங்கட்கிழமை மதியத்தோடு முடித்துவிடுகிறோம். அதன்பின், ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஆர்டரைக் கையில் கொடுத்து, வாரம் முழுக்க அதன் பின்னாலேயே போகச் சொல்கிறோம். ஒரு சாதாரண வட்டக் கழுத்து டி-ஷர்ட் போதும். ஸ்டைல் சிக்கலாக இருந்தால் கவனம் துணியை விட்டுப் பட்டன், பிரிண்ட் என்று சிதறிவிடும்.

சமீபத்தில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதல் வேலை துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று பார்ப்பது. வட்ட கட்டரால் வெட்டினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வரும். அதன் எடையை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. அந்த ஆர்டருக்கு 180 வேண்டும், 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 171 முதல் 189 வரை. முதல் துண்டு 1.69 கிராம். "அண்ணா, குறையுதுங்க. நான்தான் தப்பா வெட்டிட்டேனா?" என்று லேபில் இருந்தவரிடம் கேட்டார். "ஒரு துண்டை வச்சு முடிவு பண்ணாதம்மா, அகலத்துல வேற ரெண்டு இடத்துல வெட்டு, ஓரத்தை விட்டுடு" என்றார் அவர். அடுத்தவை 1.74, 1.73. சராசரி 172, எல்லைக்குள்தான். ஆனால் கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறது என்பதால் மற்ற ரோல்களையும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே எழுதி வைத்தார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் அன்று மாலை துணிப் பிரிவில் பேசினோம். தான் எடுத்த அளவை வைத்து ஒரு பேச்சு நடந்ததைப் பார்த்த பிறகு, கட்டிங் மாஸ்டரிடம் கேள்வி கேட்க அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை.

அடுத்து சாம்பிளை அளப்பது. மார்பளவை அக்குளிலிருந்து எவ்வளவு கீழே எடுப்பது என்பது ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் பையர் மாறும். அதனால் அவர் அளந்ததையே சீனியரும் தனியாக அளந்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். வித்தியாசம் வந்தால் டேப் எங்கே வைக்கப்பட்டது என்று பேசுகிறோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் உண்மை தெரியும். புதன்கிழமை வரை ஒரு கேள்வியும் வரவில்லை என்றால், கூச்சத்தில் அடக்கி வைத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு, சீனியர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

வார இறுதியில் பையருக்குப் போகும் நிலவரக் கடிதத்தை அவர் எழுதுவார், சீனியர் திருத்தி, அவர் பெயரையும் சேர்த்து அனுப்புவார். சாயம் ஏற்றும் முன் பார்க்கும் நிற மாதிரியான லேப் டிப்பில் நிறத்துக்கு ஓ.கே. சொல்வதை மட்டும் முதல் வாரத்தில் கொடுப்பதில்லை. சாயம் ஏறிய துணியைத் திருப்புவது பெரும்பாடு, அந்தப் பாரத்தைப் புதியவர் தலையில் வைப்பது நியாயமில்லை.