“வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க தம்பி”

சட்ட உதவி மையத்தில் நான் தனியாக எடுத்த முதல் நேர்காணல் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்த ஒரு அக்கா வந்திருந்தார். “திடீர்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க தம்பி” என்றார். நோட்டீஸ் கொடுக்கலையா, காரணம் சொல்லலையா, பாக்கிச் சம்பளம் தரலையா என்று அடுக்கினேன். மூன்றுக்கும் “இல்லை”தான் பதில். ‘சட்டவிரோதப் பணிநீக்கம்’ என்று குறிப்பில் எழுதினேன்.

மேற்பார்வை வழக்கறிஞர் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடிட்டு, “இது அவர் பார்த்ததா, காதால் கேட்டதா, நினைத்துக்கொண்டதா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கேட்டவை எல்லாம் என் முடிவுக்கு அவரைத் தலையாட்ட வைத்த கேள்விகள்.

அக்காவை மறுபடி வரச் சொன்னோம். இந்த முறை ஒன்றுதான் கேட்டேன்: “கடைசியா வேலைக்குப் போன நாள், உள்ளே நுழைஞ்சதிலிருந்து நடந்ததை வரிசையாச் சொல்லுங்கக்கா. நான் குறுக்கே பேசலை.” பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு, “அப்புறம்?” என்று மட்டும் கேட்டேன். மேலாளர் அறைக்குக் கூப்பிட்டதையும், “இஷ்டமில்லைன்னா கிளம்பு” என்றதையும் சொன்னார். பிறகு, “ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டேன். கணக்கு முடிக்கிற தாள்னு நினைச்சேன்” என்றார்.

அது ராஜினாமாக் கடிதமாக இருந்தால் வழக்கே வேறு. அவராகவே விலகினார் என்று எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டும். என் பழைய கேள்விகளில் அந்தத் தாளுக்கு இடமே இருக்கவில்லை.

கதை முழுதாக வந்த பிறகுதான் குறுகிய கேள்விகளுக்குப் போனேன். என்ன தேதி, அறையில் வேறு யார், தாளைப் படித்தாரா, நகல் உண்டா? புகார் கொடுக்கக் காலக்கெடு இருக்கும் என்பதால், தேதியை நேரடியாகக் கேட்டே ஆகவேண்டும்.

“அவருக்கு என் மேல வன்மம்” என்றும் சொன்னார். இது முடிவு, உண்மை விவரம் அல்ல. ஆனாலும் நான் அதை அடிக்கவில்லை, ‘அவர் கருத்து’ என்ற பத்தியில் எழுதிக்கொண்டேன். “ஏன் அப்படி நினைக்கிறீங்க?” என்றால் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும். “அப்படித் தோணுற மாதிரி என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன். வேலை போனதற்கு முந்தின வாரம் மிகைநேரச் சம்பளம் கேட்டு மேலாளருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அது அவர் போனில் அப்படியே இருந்தது. வன்மத்தை நிரூபிக்க முடியாது, அந்தச் செய்தியையும் அதன் தேதியையும் காட்ட முடியும்.

கடைசியில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ‘மேலாளர் கையெழுத்துப் போடச் சொன்னார்’ என்ற இடத்தில் தடுத்தார்.

“சொல்லலை தம்பி. தாளை என் பக்கமா நகர்த்தி வெச்சார். பேனா அது மேலயே இருந்துச்சு.”

அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன். அந்தத் தாளின் நகல் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்புவதில் இருந்து வேலையைத் தொடங்கினோம்.