வாடகை வீட்டுப் படம்: முதலில் சுவர், அப்புறம் கிராப்

வாடகை விளம்பரப் படத்தின் ஓரத்தில் துணிக்கொடியும் பிளாஸ்டிக் நாற்காலியும் தெரிகிறதா? உடனே வெட்டாதீர்கள். படத்தில் சாய்ந்து தெரியும் சுவரை நிமிர்த்தும்போது ஓரங்கள் எப்படியும் கொஞ்சம் போகும். முன்பே வெட்டிவிட்டால் அந்த இழப்பு ஜன்னலிலோ கதவிலோ விழும்.

போனைக் கீழே சாய்த்து எடுத்த படுக்கையறைப் படம் என்று வையுங்கள். இரண்டு பக்கச் சுவர்களும் கீழே போகப்போக நெருங்கி நிற்கும். Snapseed செயலியில் Perspective திறந்து, ஓரம் நிரப்புவதை Smart-இலிருந்து Black-க்கு மாற்றுங்கள். Smart-இல் விட்டால், இல்லாத சுவரை அது வரைந்து வைக்கும். வீடு பார்க்க வருபவரை அது ஏமாற்றுவதுதான். பிறகு Tilt-இல் விரலை மேலும் கீழும் நகர்த்துங்கள். இடப்பக்கக் கதவுநிலை, வலப்பக்க அலமாரி விளிம்பு இரண்டும் செங்குத்தாக நின்றால் போதும். தரைக்கோட்டை வைத்து நேர் பார்க்க வேண்டாம். அறை மூலையிலிருந்து எடுத்த படத்தில் அது சாய்வாகத்தான் இருக்கும். அதை நேராக்கப் போனால் சுவர் சாயும்.

இப்போது Crop, 4:3. கறுப்பு ஓரமும் நாற்காலியும் சேர்ந்தே வெளியேறும். வெட்டு கதவுநிலையின் நடுவில் விழ வேண்டாம், நிலை முழுதாக இருக்கட்டும் அல்லது முழுதாகப் போகட்டும்.

நாற்காலி படத்தின் கால்வாசி அகலத்தை அடைத்திருந்தால் வெட்டிப் பயனில்லை, அறையே சின்னதாகத் தெரியும். அதை நகர்த்திவிட்டு, போனை நெஞ்சு உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து மறுபடி எடுங்கள்.